தீபாவளியன்று பிறந்தநாள் காணும் நண்பனுக்கு

நண்பா, பிறந்தநாள் வாழ்த்துகள்! தீபாவளி வாழ்த்து தனியாக வரும். இரண்டையும் ஒரே செய்தியில் கட்டிக் கணக்கை முடிக்கிற ஆள் நானில்லை.

இந்த வருடம் நவம்பர் 8-ஆம் தேதியே பண்டிகையும் வந்துவிட்டதால், சுங்கை சிப்புட்டே உனக்காக எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறது என்று நினைத்துக்கொள். அம்மா முறுக்கு அடுக்கும் டின்னில் மேல் வரிசை மட்டும் எப்படிக் காலியாகிறது என்று இன்று ஒருநாள் கேட்கமாட்டேன். அணிச்சலை வீட்டுக்கு வரும் விருந்தாளிகளே தீர்த்துவிடுவார்கள். மாலையில் நம் தோட்டத்துப் பையன்களோடு இன்னொன்று வெட்டுவோம். கல்யாணம் ஆகாதவன் என்பதால் அங்பாவும் உண்டு, 2 ரிங்கிட்தான்!

நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க. இட்லியும் ஆட்டிறைச்சிக் குழம்பும் எடுத்து வை, எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன்.