வேலை முடிஞ்சுதுங்க, இனி நீங்க சொல்லோணும்

வாட்ஸ்அப் செய்தி: மோட்டார் இறக்கின மறுநாள், வியாழன் இரவு 7 மணி

வணக்கமுங்க ஐயா.

பொள்ளாச்சி மோட்டார் பட்டறையிலிருந்து எழுதறேனுங்க. உங்க தென்னந்தோப்பு போர்ல இருந்த 7.5 எச்.பி. சப்மெர்சிபிளை திங்கக்கிழமை தூக்கினோம். ஒரு ஃபேஸ் போனது தெரியாம ஓடினதுல காயில் கருகியிருந்துச்சு. புதுசா வைண்டிங் கட்டி, நேத்து புதன்கிழமை இறக்கிவிட்டோம். இனி ஒரு ஃபேஸ் போனா மோட்டார் தானா நிக்கற மாதிரி ஸ்டார்ட்டர் பெட்டியில பிரிவென்டரும் மாட்டியிருக்குதுங்க.

நேத்து கிளம்பறப்ப “எல்லாஞ் சரியாங்க?”ன்னு கேட்டதுக்கு “பரவால்லீங்க”ன்னு சொன்னீங்க. நம்மூர்ல வீட்டுக்கு வந்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஆனா பக்கத்துத் தோட்டத்துக்காரரு “மோட்டார் வேலை எப்படி?”ன்னு கேட்டா என்ன சொல்வீங்களோ, அதுதான் எனக்கு வேணுமுங்க.

மூணே கேள்வி, ஒரு நிமிஷம்:

motorpattarai.in/k7

1. சொன்ன நேரத்துக்கு வந்தோமுங்களா?
2. என்ன பழுது, எதுக்கு எவ்வளவு காசுன்னு வெளங்கற மாதிரி சொன்னோமுங்களா?
3. தண்ணி முன்ன மாதிரியே விழுகுதுங்களா?

கீழ ஒரு கட்டம் இருக்கும், மனசுல பட்டதை அதுல எழுதலாமுங்க. இந்த லிங்க் ஓடிபி, பேங்க் நம்பர், பணம் எதுவும் கேக்காது. சந்தேகமா இருந்தா உங்க பில்லுக்குப் பின்னாடி பாருங்க, இதே லிங்க்தான் அச்சடிச்சிருக்கோம். லிங்க்கைத் தொட வேண்டாம்னு நெனச்சா, இந்த நம்பருக்கே 1, 2, 3ன்னு பதில் போடுங்க, இல்லீனா வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்புங்க. அம்மிணி சொன்னாலும் சரி, தோட்டத்துல தண்ணி கட்டறவரு சொன்னாலும் சரி. மோட்டாரை தினமும் போடறவங்க பேச்சுதான் எங்களுக்குப் பெருசுங்க.

குறை இருந்தா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நானே கூப்பிடறேனுங்க.

ஞாபகச் செய்தி: ஞாயிறு இரவு, பதில் வராதவங்களுக்கு மட்டும்

ஐயா வணக்கமுங்க. நாலு நாளா மோட்டார் ஓடியிருக்கும். சத்தம், தண்ணி, ஸ்டார்ட்டர் எல்லாம் சரியா இருக்குதுங்களா? motorpattarai.in/k7 மூணு கேள்விதானுங்க. இதுக்கு மேல தொந்தரவு பண்ண மாட்டோம்.

பட்டறைத் தம்பிங்களுக்கும் ஆபீஸ் கண்ணுக்கும்

பதில் கொறைவா வருதுன்னா, சனம் சோம்பேறின்னு அர்த்தமில்லை. தெரியாத லிங்க்கைத் தொட்டு பணம் போனவங்க கதை எல்லாருக்கும் தெரியும், அந்த பயம் நியாயமானது. அதனால செய்தி அனுப்பறதுக்கு முந்தியே நேர்ல சொல்லுங்க. பில்லைக் கையில குடுக்கறப்ப பின்பக்கம் திருப்பிக் காட்டி, “நாளைக்கு சாயங்காலம் இதே லிங்க் எங்க நம்பர்ல இருந்து வருமுங்க”ன்னு ஒரு வார்த்தை. நம்ம நம்பரை அவங்க போன்ல அங்கயே பதிஞ்சு வெக்கச் சொல்லுங்க.

அதே எடத்துல நின்னு மார்க் கேக்காதீங்க. எதிர்ல நிக்கற ஆளுக்கு யாரும் குறை சொல்ல மாட்டாங்க. மோட்டார் ஒரு தடவையாவது முழுசா ஓடினதுக்கப்புறம் கேட்டாத்தான் உண்மை வரும், அதான் மறுநாள். அதுலயும் த்ரீ ஃபேஸ் கரண்ட் இருக்கற நேரத்துல அனுப்பாதீங்க, மடை திருப்பிட்டு இருக்கறவரு போனை எடுக்க மாட்டாரு. உங்க ஊர்ப்பக்கம் ஷிப்ட் நேரம் மாறினா 7 மணியையும் மாத்திக்குங்க.

செய்தியில அவங்க தோட்டம், அவங்க மோட்டார், அன்னைக்கு பார்த்த பழுது, இந்த மூணும் இருக்கோணும். பொதுவா ஒரே செய்தியை எல்லாருக்கும் தள்ளிவிட்டா விளம்பரம்னு நெனச்சு அழிச்சிடுவாங்க. நாலாவது கேள்வி சேக்கலாம்னு ஆபீஸ்ல கேட்டீங்க. வேண்டாம் கண்ணு.

நல்லா எழுதினா அடுத்த சர்வீஸுக்கு தள்ளுபடின்னு யாரும் வாய் விடாதீங்க. கூகுள்ல ரிவியூ போடறதுக்கு சலுகை குடுக்கறது அவங்க விதிப்படியே தப்பு, நமக்கும் அந்தப் பொய் மார்க்கால ஒரு பிரயோஜனமும் இல்லை. சண்டை போட்ட வீட்டை விட்டுட்டு சிரிச்ச வீட்டுக்கு மட்டும் அனுப்பறதும் கூடாது.

“காலம் பைப்பை தென்னங்கன்னு மேல போட்டுட்டாங்க”ன்னு ஒரு அம்மிணி வாய்ஸ்ல சொல்லியிருந்தாங்க. அதுக்கப்புறந்தான் வண்டியில தார்ப்பாய் வெச்சோம். அதை அவங்களுக்கு கூப்பிட்டுச் சொன்னேன். அவங்க ரெண்டு தோட்டத்துக்காரங்க நம்பரை எனக்குக் குடுத்தாங்க. இனி எந்தக் குறை வந்தாலும், சரி பண்ணினதை அந்த வீட்டுக்குத் திருப்பிச் சொல்லிட்டு, வெள்ளிக்கிழமை நோட்டுல எழுதி வைங்க. நோட்டு என் மேசை மேல இருக்கும்.