சுவருக்குள் நடந்த சூடு

சித்திரை மாதம். கானாடுகாத்தானில் வெயில் கொளுத்தியது. தெருவில் விளையாடிய வள்ளி வீட்டுக்குள் ஓடிவந்தாள். உள்ளே நுழைந்ததும் உடம்பு சில்லென்றது.

"அப்பத்தா, எங்கே ஏசியை ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"தேடிப் பாரேன்!"

அறை அறையாகத் தேடினாள். எங்கும் இல்லை.

"வெளியே போய் மேற்குச் சுவரைத் தொட்டுட்டு வா" என்றார் அப்பத்தா.

தொட்டாள். சுட்டது! உள்ளே வந்து அதே சுவரைத் தொட்டாள். குளிர்ந்து இருந்தது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்று சுவரின் கனத்தை அளந்தாள். ஒரு சாண், இரண்டு சாண், மூன்று... நாலு சாண்!

"அவ்வளவு செங்கல்லையும் சுண்ணாம்பையும் தாண்டித்தான் சூடு உள்ளே வரணும்" என்றார் அப்பத்தா. "முதல் செங்கல் சூடாகி அடுத்ததுக்குக் கொடுக்கணும். அது அதுக்கு அடுத்ததுக்கு. இப்படி மெதுவா வர்றதுக்குள்ளே பொழுது சாய்ஞ்சிடும்."

"அப்புறம்?"

"சூடு எப்பவும் குளிர்ந்த பக்கம்தான் போகும். ராத்திரி வெளியே குளிர்ந்ததும் நிறையச் சூடு வந்த வழியே திரும்பிடும். கொஞ்சம் உள்ளே வந்தாலும், சன்னலைத் திறந்து வச்சா காத்து கொண்டுபோயிடும்."

வள்ளி கொல்லையில் இருந்த தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். அடேயப்பா, அனல்! தகரம் மெல்லிசு. அதைத் தாண்டச் சூட்டுக்கு நேரமே ஆகவில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு மறுபடி வந்தாள். மார்கழி மாதம். விடியற்காலையில் அப்பத்தா கோலம் போட, வள்ளி பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் வந்தால் கதகதப்பு! சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"அப்பத்தா! நேத்து அடிச்ச வெயில் இன்னும் சுவருக்குள்ளேயே இருக்கு!"

"ஆமாம். முற்றத்து வெயில், அடுப்புச் சூடு எல்லாம் பகல்ல சுவர்ல ஏறும். ராத்திரி சன்னலைச் சாத்திடுவோம். அறை குளிரக் குளிர, சுவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுக்கும்."

"வெளியே இருக்கிற குளிரும் சட்டுனு உள்ளே வர முடியாது. நாலு சாண் ஆச்சே!"

"அதேதான்!"

அப்போது கொல்லையிலிருந்து "மே... மே..." என்று சத்தம். தகரக் கொட்டகையில் புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி! தகரம் பகல் சூட்டை வைத்துக்கொள்ளவே இல்லை. ராத்திரியே எல்லாம் போய்விட்டது. வள்ளி ஓடினாள். தாயாட்டை முன்னால் ஓட்டிக்கொண்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்கேடி இதுங்களை இழுத்துட்டு வர்றே?"

"நெல்லு அறைக்கு! அங்கேதான் சுவர் ரொம்பக் கனம்."

அப்பத்தா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "சரி, கீழே சாக்கை விரி. நெல்லுல மட்டும் வாய் வைக்காம பார்த்துக்கோ!" என்றார்.