நிர்வாக இயக்குநரின் எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

குன்னூர்
12.01.2026

பெறுநர்:
மனிதவள மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், கோத்தகிரி

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நிர்வாக இயக்குநருக்கு எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் தேவை என்று அறிந்து விண்ணப்பிக்கிறேன். குன்னூரில் ஒரு தேயிலை நிறுவனத்தில் ஆறு வருடமாக அலுவலக உதவியாளராக இருக்கிறேன். கடிதங்கள், வருகைப் பதிவு, சில்லறைச் செலவுக் கணக்கு ஆகியவைதான் என் பெயரில் உள்ள வேலை. 2024-இல் எங்கள் இயக்குநரின் செயலாளர் மகப்பேறு விடுப்பில் போனபோது அவருடைய பொறுப்பு ஏழு மாதம் என்னிடம் இருந்தது. அவர் திரும்பி வந்த பிறகும் இயக்குநரின் பயணங்களையும் நாட்குறிப்பில் பாதியையும் நானே கவனிக்கிறேன்.

எங்கள் வாரம் ஏலத்தை வைத்துத்தான் நகரும். வியாழனும் வெள்ளியும் குன்னூர் ஏலம் நடக்கும்போது இயக்குநரை வேறு எதற்கும் அழைக்க முடியாது. முன்பு யார் கேட்டாலும் நேரம் கொடுத்துவிடுவோம். ஏல நாளில் விலை பார்க்க வேண்டியவர் யாரோ ஒரு விருந்தினரோடு உட்கார்ந்திருப்பார். இப்போது அந்த இரண்டு நாளையும் முதலில் அடைத்துவிட்டு, திங்கள் காலையை எஸ்டேட் மேலாளர்களுக்குக் கொடுத்து, மற்றவர்களுக்கு மீதி நேரத்தில்தான் இடம் தருகிறேன். ஒரு கூட்டம் முடிந்து அடுத்தது தொடங்கக் கால் மணி நேரமாவது இடைவெளி இருக்கும்.

பயணத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மே மாத சனிக்கிழமை, கோயம்புத்தூரில் காலை 11 மணிக் கூட்டத்துக்கு பர்லியாறு வழியை மனதில் வைத்துப் புறப்படும் நேரம் குறித்தேன். சீசன் என்பதால் இறங்கும் வண்டிகளையெல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். இயக்குநர் 40 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். அவர் என்னைத் திட்டவில்லை, ஆனால் அந்தத் தாமதம் என்னுடையது. அன்றிலிருந்து மலைப்பாதையின் நிலவரத்தை முதல் நாள் மாலையும் கிளம்பும் முன்பும் விசாரிக்காமல் வண்டியை அனுப்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியலாம் என்பதால், காலை விமானம் என்றால் முந்தின இரவே கோயம்புத்தூரில் தங்க அறை போட்டுவிடுகிறேன். மைசூரில் கடைசிக் கூட்டம் மாலை 4 மணிக்கு மேல் போகாது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். வெளியூரிலிருந்து வரும் வாடிக்கையாளர்களின் வண்டிக்கு இ-பாஸை நாங்களே எடுத்து அனுப்பிவிடுகிறோம். வெளிநாட்டுப் பயணம் இதுவரை கொழும்பு, துபாய் என இரண்டுதான் ஏற்பாடு செய்திருக்கிறேன். அதில் எனக்கு அனுபவம் குறைவு.

ரகசியம் காப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். தீபாவளிக்கு முன் போனஸ் பேச்சுவார்த்தை நடக்கும்போது மலையில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: எத்தனை சதவீதம்? சட்டப்படி 8.33-க்குக் குறையாது, 20-க்கு மேல் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுவனம் எங்கே நிற்கிறது என்பதை மூன்று வாரம் முன்பே தட்டச்சு செய்தவள் நான். என் சித்தப்பா எஸ்டேட் தொழிலாளி. வீட்டுக்கே வந்து, "எனக்கு மட்டும் சொல்லும்மா" என்று கேட்டார். சொல்லவில்லை. கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார். அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒருவரிடம் சொன்னால் மறுநாள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிடும்.

வாயை மூடிக்கொண்டால் மட்டும் போதாது என்பதையும் இந்த வேலையில்தான் கற்றேன். நாட்குறிப்பில் "தொழிற்சங்கக் கூட்டம்" என்று எழுதினால், அதைத் திறக்கும் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். அதனால் "வெளி வேலை" என்று மட்டும் குறிப்பேன். ஓட்டுநரின் டிரிப் ஷீட்டில் வக்கீல் அலுவலகம் என்று இருக்காது, கோயம்புத்தூர் என்றுதான் இருக்கும். பிரிண்டர் பக்கத்தில் நின்று தாளை நானே எடுப்பேன், வரைவுப் பிரதிகளை அன்றே கிழித்து அழித்துவிடுவேன்.

வேறு சில முக்கியப் பேச்சுவார்த்தைகளிலும் உடனிருந்திருக்கிறேன். அவை யாரோடு, எதற்காக என்பதை இங்கே எழுத முடியாது. மேலே சொன்ன போனஸ் விஷயத்திலும், எந்த எண்ணை நான் தட்டச்சு செய்தேன் என்பதை நேர்காணலில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம்.

நான் விண்ணப்பிப்பது எங்கள் இயக்குநருக்குத் தெரியும். அவரிடமே சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வர முடியும். தினமும் கோத்தகிரி வந்துபோவதில் சிரமமில்லை.

வியாழன், வெள்ளி தவிர எந்த நாள் அழைத்தாலும் வருகிறேன். செய்த வேலைக்கு மாதிரியாக இப்போதைய அலுவலகத்தின் தாள் எதையும் கொண்டுவர மாட்டேன். அதற்குப் பதில் தங்கள் இயக்குநரின் ஒரு வார வேலைகளைக் கலைத்துப் போட்டுக் கொடுங்கள், அங்கேயே உட்கார்ந்து அமைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ர. மாலதி