மூணு மணி சேர்ந்து அடிக்கிற கணக்கு, தம்பிக்கு

தம்பி, நீ அனுப்புன போட்டோவுல கை நிழல் விழுந்து மூணாவது நம்பர் 16-ஆ 18-ஆன்னு தெரியலடா, ஆனா கீழ ஓரத்துல விடை காலை 9 மணின்னு இருக்கு, 16 போட்டா 10 மணி வருது, அதனால 18-தான். கணக்கு இதுதான்:

"கும்பகோணத்தில் மூன்று கோயில் மணிகள் முறையே 12, 15, 18 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலிக்கின்றன. காலை 6 மணிக்கு மூன்றும் சேர்ந்து ஒலித்தன. (அ) அடுத்து எப்போது சேர்ந்து ஒலிக்கும்? (ஆ) 36 அடி, 54 அடி நீள மணிக்கயிறுகளை மீதமின்றிச் சம நீளத் துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டின் அதிகபட்ச நீளம் என்ன? (இ) காலை 6 முதல் பகல் 12 வரை மணிகள் எத்தனை முறை சேர்ந்து ஒலிக்கும்?"

நிஜ கோயில்ல பூஜை நேரத்துக்குத்தான் மணி அடிப்பாங்க, இது கணக்குக்காக வச்சது.

நீ (அ)-வுக்கு எச்.சி.எஃப் எடுத்து 3 நிமிஷம், 6:03-ன்னு எழுதியிருக்க. 6:03-க்கு எந்த மணிடா அடிக்கும்? முதல் மணியே 6:12-க்குத்தான, அப்புறம் 6:24, 6:36. ரெண்டாவது 6:15, 6:30, 6:45. மூணாவது 6:18, 6:36. பாரு, 6:36-ல முதலும் மூணாவதும் சேந்துடுச்சு, ரெண்டாவது வரல. 7 மணிக்கு முதல் ரெண்டும் சேருது, மூணாவது இல்ல. அப்போ மூணு நம்பராலயும் மீதி இல்லாம வகுபடுற சின்ன எண் வேணும், அதான் எல்.சி.எம், மீச்சிறு பொது மடங்கு.

12 = 2×2×3
15 = 3×5
18 = 2×3×3

ஒவ்வொரு பகா எண்ணும் எதுல அதிக தடவை வருதோ அதை எடு: 2×2×3×3×5 = 180 நிமிஷம், 3 மணி நேரம், காலை 9. மூணையும் அப்படியே பெருக்கிடாத, 3240 வரும், அப்பவும் சேர்ந்து அடிக்கும்தான் ஆனா அது 54 மணி நேரம் கழிச்சு, கேட்டது அடுத்த தடவை.

(ஆ)-வுலதான் உன் எச்.சி.எஃப் வேணும். இங்க எல்.சி.எம் போட்டா 108 வருது, 36 அடி கயித்துல 108 அடி துண்டு எப்படி வெட்டுவ? துண்டு நீளம் 36, 54 ரெண்டையும் மீதியில்லாம வகுக்கணும், அதுல பெருசு 18. அதனால 18 அடி, ஒண்ணுல 2 துண்டு இன்னொண்ணுல 3.

(இ)-க்கு 360-ஐ 180-ஆல வகுத்து 2-ன்னு நிறுத்திடாத, தொடங்கும்போது அடிச்சதும் கணக்குதான்: 6, 9, 12, மொத்தம் 3 தடவை.