தீபாவளிப் பெட்டி: இந்தமுறை சீனியும் எண்ணெயும் குறைத்து

மச்சாள்,

நகரத்து அலுவலகத்திலிருந்து 30 பெட்டிக்கு ஓடர் வந்திருக்கிறது. பாதிப்பேர் பென்சன்காரர், அதனால் சீனியும் எண்ணெயும் குறைவாக வேண்டுமாம். களுவாஞ்சிக்குடிக்கு நீங்கள் வரமுதல் என் கணக்கைப் பாருங்கள்.

ஒரு பெட்டி 500 கிராம்: பயற்றம் உருண்டை 100, எள்ளுருண்டை 80, முறுக்கு 100, மிக்சர் 220. இனிப்பைக் குறைத்து உறைப்பைக் கூட்டியிருக்கிறேன். அரியதரமும் தொதலும் வேண்டாம். சீனியைக் குறைத்தால் தொதல் தொதலாக இருக்காது.

பயற்றம் பணியாரத்தை மாவில் தோய்த்துப் பொரிக்காமல் உருண்டையோடு விடுவோம். 3 கிலோவுக்கு வறுத்த பயற்றமா 1.7 கிலோ, பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூ 400 கிராம், சீனி 450, அரைத்த பேரீச்சம்பழம் 450, ஏலக்காய். வழக்கமாகப் பாகுதான் மாவைப் பிடிக்கும், இங்கே பேரீச்சம்பழம் பிடிக்கும். தேங்காயில் ஈரம் இருந்தால் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும், நன்றாக வறுங்கள். எள்ளுருண்டைக்குச் சீனியே வேண்டாம்: எள் 1.4 கிலோவும் பேரீச்சம்பழம் ஒரு கிலோவும் உரலில் இடித்தால் தானே ஒட்டும். பழம் மொத்தம் ஒன்றரைக் கிலோ, காத்தான்குடியில் வாங்கி வாருங்கள்.

முறுக்கை அவனில் சுடலாம் என்று மருமகள் சொல்கிறாள். எனக்கு விருப்பமில்லை, மரத்தூள் மாதிரி இருக்கும். பொரிப்பது இது ஒன்றுதான், அதைச் சரியாகப் பொரிப்போம். எண்ணெய் காயமுதல் பிழிந்தால்தான் அதிகம் குடிக்கும். தாச்சியில் கொஞ்சமாகப் போட்டு, வடித்து, தாளில் பரப்புங்கள்.

மிக்சருக்குக் கச்சானை மணலில் வறுத்து வாங்குவோம். கடலையும் அவலும் வெறும் தாச்சியில் மொறுமொறுப்பாகும்வரை, தனித்தனியாக. கடைசியில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், செத்தல்தூள் தாளித்துப் பிரட்டினால் போதும். உப்பில் கை அடங்கட்டும். அவர்களுக்குப் பிரஷரும் இருக்கும்.

லேபலில் ‘சீனி இல்லை’ என்று எழுதாதீர்கள். பேரீச்சம்பழத்திலும் சீனிதான். கச்சானிலும் எள்ளிலும் ஏறக்குறையப் பாதி எண்ணெய், ஆக ‘எண்ணெய் இல்லை’ என்பதும் பொய். ‘சீனி, எண்ணெய் குறைத்துச் செய்தது. கச்சான், எள் உண்டு. ஒரு கிழமைக்குள் சாப்பிடவும்’ என்று போடுவோம். சீனி குறைந்தால் இனிப்பு நாள்பட நிற்காது.

மழைக்காலம், முறுக்கு ஒரு மணித்தியாலத்தில் நமுத்துப்போகும். ஆறியவுடன் பையில் போட்டு வாயை ஒட்டுங்கள், சூட்டோடு கட்டாதீர்கள். பனையோலைப் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன், உள்ளே எண்ணெய்த்தாள் விரிப்போம்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன் மாவும் எள்ளும், மூன்றாம் நாள் உருண்டை, இரண்டாம் நாள் முறுக்கும் மிக்சரும், முந்தின நாள் விடியவே கொடுத்துவிட வேண்டும். அதற்குமுன் ஒரு பெட்டியளவு செய்து மாமாவுக்குக் கொடுங்கள். அவருக்கும் சீனி வருத்தம், நான்கு உருண்டையையும் ஒரேயடியாகத் தின்ன விடாதீர்கள்.