மூன்று டம்ளர்கள்

(உலக சிக்கன நாளான அக்டோபர் 30 அன்று பள்ளியில் நடிப்பதற்கான குறுநாடகம். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம்.)

நடிப்பவர்கள்: ஆச்சி, தேன்மொழி, வயது 11, அவள் தம்பி கவின், வயது 8, பெட்டிக்கடை அண்ணாச்சி, கவினின் வகுப்புத் தோழன் இசக்கி.

மேடைப் பொருள்கள்: மூன்று எவர்சில்வர் டம்ளர்கள், ஒரு மண் உண்டியல், கடலை மிட்டாய்ப் புட்டி, ஒரு வரைபட நோட்டு, 2, 5, 10 ரூபாய் நாணயங்கள். அட்டையில் வெட்டிய காசுகள் வேண்டாம், உண்மையான நாணயங்களையே பயன்படுத்துங்கள். டம்ளரின் அடியில் காசு விழும் ஓசை கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைக்கும் கேட்க வேண்டும். இந்த நாடகத்தில் பாதியைச் சொல்வது அந்த ஓசைதான். ஒத்திகை முடிந்ததும் காசுகளை எண்ணி எடுத்து வைக்கும் பொறுப்பை ஒரு மாணவரிடமே கொடுங்கள்.

காட்சி 1

(கோவில்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணை. ஞாயிறு மாலை. ஆச்சி சுருக்குப்பையை அவிழ்த்து, இரு குழந்தைகளின் முன்னும் காசுகளைத் தனித்தனியே பரப்புகிறார்.)

ஆச்சி: ஆளுக்கு ஐம்பது ரூபாய். இரண்டு பத்து, நான்கு ஐந்து, ஐந்து இரண்டு. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவின்: (எண்ணாமலே அள்ளி) எண்ணுவதற்குள் அண்ணாச்சி கடையை அடைத்துவிடுவார், ஆச்சி!

ஆச்சி: போன வாரக் காசு எத்தனை நாள் இருந்தது?

கவின்: திங்கட்கிழமை வரைக்கும் இருந்தது. செவ்வாய்க்கிழமை சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

தேன்மொழி: நான் ஒரு காசுகூடச் செலவழிப்பதில்லை, ஆச்சி. எல்லாம் உண்டியலில்தான் இருக்கிறது. (உண்டியலைக் காதருகே வைத்துக் குலுக்குகிறாள். நிறைந்திருப்பதால் ஓசை மந்தமாக வருகிறது.)

கவின்: ஆனால் என் கடலை மிட்டாயில் பாதியை அக்காதான் சாப்பிடுகிறாள். பென்சிலும் என்னிடம்தான் கடன் வாங்குகிறாள்!

ஆச்சி: தேன்மொழி, இவ்வளவும் எதற்காகச் சேர்க்கிறாய்?

தேன்மொழி: (சற்று யோசித்து) தெரியவில்லை, ஆச்சி. சேர்க்க வேண்டும் என்று சொன்னார்கள், சேர்க்கிறேன்.

(ஆச்சி உள்ளே சென்று மூன்று டம்ளர்களைக் கொண்டுவந்து வரிசையாக வைக்கிறார்.)

ஆச்சி: இது சேமிப்பு, இது செலவு, இது பகிர்வு. காசு கைக்கு வந்த இந்த நேரத்திலேயே, கடைப் பக்கம் கால் நகர்வதற்கு முன்னால் பிரித்துவிட வேண்டும். கடை வாசலில் போய் நின்றுகொண்டு பிரிக்கலாம் என்று நினைத்தால், அங்கே மனம் நம் பேச்சைக் கேட்காது. கவின், நீ முதலில் பிரி.

(கவின் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைச் சேமிப்பிலும், நான்கு ஐந்து ரூபாய்களைச் செலவிலும் போடுகிறான். மிஞ்சிய இரண்டு ரூபாய் நாணயங்களைப் பகிர்வு டம்ளரில் கொட்டுகிறான்.)

ஆச்சி: எவ்வளவு போடுவது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும், நான் குறுக்கே வரமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசியாக மிஞ்சியது என்பதால்தானே அந்தக் காசுகளைப் பகிர்வில் போட்டாய்?

(கவின் மூன்று டம்ளர்களையும் மாறி மாறிப் பார்க்கிறான். பிறகு எல்லாவற்றையும் திண்ணையில் கவிழ்த்து, ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து, முதல் காசாகப் பகிர்வு டம்ளரில் போடுகிறான். ஓசை தெளிவாகக் கேட்கிறது.)

கவின்: இது பகிர்வுக்கு. ஒரு பத்தும் இரண்டு ஐந்தும் சேமிப்புக்கு; செஸ் பலகை வாங்க வேண்டும். மீதி இரண்டு ஐந்தும் ஐந்து இரண்டும் செலவுக்கு. பத்து, இருபது, இருபது. கணக்குச் சரி, ஆச்சி!

தேன்மொழி: (ஒரு நாணயத்தை விளக்கருகே பிடித்து) ஆச்சி, இந்தக் காசில் ஆண்டுக்குக் கீழே ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கிறதே, அது என்ன?

ஆச்சி: அது ஹைதராபாத் நாணயச் சாலையில் அடித்த காசு. வைர வடிவம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. அவ்வளவு தூரத்திலிருந்து எத்தனையோ கைகள் மாறி வந்த காசு இது. உண்டியலிலேயே கிடந்தால், அடுத்த கைக்கு அது எப்போது போவது?

(தேன்மொழி உண்டியலைப் பார்க்கிறாள். தன் காசில் இருபது ரூபாயை மட்டும் உண்டியலில் போட்டுவிட்டு, மீதியைத் தாவணி நுனியில் இரண்டு முடிச்சுகளாக முடிந்துகொள்கிறாள்.)

காட்சி 2

(பெட்டிக்கடை. கவின் ஐந்து ரூபாய் நாணயத்தை விரல்களுக்கிடையே உருட்டியபடி நிற்கிறான்.)

அண்ணாச்சி: வா தம்பி, வழக்கம்போல நான்கு கடலை மிட்டாயா?

கவின்: ஒன்று போதும், அண்ணாச்சி. இந்த இருபது ரூபாயில்தான் சனிக்கிழமை வரைக்கும் வர வேண்டும்.

அண்ணாச்சி: (மிட்டாயை எடுத்துக் கொடுத்து) நம் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியுமா? ஒன்றே ஒன்று என்றாலும் மென்று நிதானமாகச் சாப்பிடு.

(தேன்மொழி வருகிறாள். தயக்கத்துடன் முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டுகிறாள்.)

தேன்மொழி: எனக்கு ஒரு பென்சிலும் ஒரு கடலை மிட்டாயும் கொடுங்கள், அண்ணாச்சி. இந்தக் காசு செல்லாது என்று சிலர் சொல்கிறார்களே?

அண்ணாச்சி: பத்து ரூபாய் நாணயம் எந்த வடிவத்தில் இருந்தாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறதம்மா. கொடு.

(தேன்மொழி மிட்டாயைக் கடிக்கிறாள். முகம் மலர்கிறது. இந்த இடத்தில் நடிகை அவசரப்படக் கூடாது. தன் காசில் தானே வாங்கியதைச் சாப்பிடும் மகிழ்ச்சியைச் சபை முழுதாகப் பார்க்கட்டும்.)

காட்சி 3

(நான்கு வாரங்களுக்குப் பிறகு, சனிக்கிழமை காலை. கவின் பகிர்வு டம்ளரைக் கவிழ்க்கிறான்: நான்கு பத்து ரூபாய் நாணயங்கள்.)

கவின்: ஆச்சி, மழையில் இசக்கியின் வரைபட நோட்டு நனைந்து ஊறிப்போய்விட்டது. வகுப்பில் சும்மாவே உட்கார்ந்திருக்கிறான். புதிய நோட்டின் விலை நாற்பது ரூபாய், என்னிடம் சரியாக இருக்கிறது. ஆனால் எல்லோர் முன்னாலும் கொடுத்தால் அவனுக்குக் கூச்சமாக இருக்குமே?

ஆச்சி: இதை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நீயே யோசித்தாய் பார். வீட்டுக்கு அழைத்து வந்து கொடு.

(கவின் ஓடிச்சென்று நோட்டு வாங்கி, இசக்கியுடன் திரும்புகிறான்.)

கவின்: இசக்கி, இந்த நோட்டு உனக்குத்தான். தாமிரபரணி ஓடும் வழியை நாம் சேர்ந்து வரைவோமா? எனக்கு நதியின் வளைவு வரவே மாட்டேன் என்கிறது.

இசக்கி: (நோட்டைத் தடவிப் பார்த்து) பொதிகை மலையிலிருந்து தொடங்க வேண்டும். நான் சொல்லித்தருகிறேன்.

(இருவரும் குனிந்து வரைகிறார்கள். தேன்மொழி உண்டியலைத் துணியில் சுற்றி மெல்ல உடைத்து, காசுகளை அடுக்கடுக்காக எண்ணுகிறாள்.)

தேன்மொழி: நானூற்றுத் தொண்ணூறு! ஆச்சி, பத்து வயது முடிந்தவர்கள் தாங்களே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று டீச்சர் சொன்னார். ஐந்நூறு ரூபாய் வேண்டும். நாளை ஞாயிறு, அஞ்சலகம் இருக்காது.

கவின்: (தலை நிமிர்ந்து) என் சேமிப்பில் எண்பது இருக்கிறது, அக்கா. பத்து ரூபாய் தருகிறேன்.

ஆச்சி: பகிர்வா, கடனா? அதை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

கவின்: கடன்தான், ஆச்சி. செஸ் பலகைக்கு வைத்த காசு அது.

தேன்மொழி: நாளை மாலை ஆச்சி காசு கொடுத்ததும் தந்துவிடுகிறேன், தம்பி.

(விளக்கு அணைந்து மீண்டும் எரிகிறது. ஞாயிறு மாலை, அதே திண்ணை. தேன்மொழியின் மடியில் புதிய பாஸ்புக். ஆச்சி காசுகளைப் பரப்புகிறார். தேன்மொழி எண்ணிப் பார்க்கிறாள். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து, வேறு எதையும் தொடுவதற்கு முன், தம்பியின் சேமிப்பு டம்ளரில் போடுகிறாள். ஓசை அடங்கும் வரை யாரும் அசைவதில்லை. திரை.)