பொருள்: ஜூன் 17 புதன், தினசரி நஷ்ட லிமிட் மீறல் (க்ரூட் ஆயில்)

சதீஷ்,

நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். "ஒன்பதரைக்கு விலை 6,050க்கு வந்துடுச்சு மேடம், விட்டிருந்தா நஷ்டம் பாதிக்கு மேல கொறஞ்சிருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். விலை வந்தது உண்மைதான். ஆனால் லிமிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மெயில்.

முதலில் ஆர்டர் லாகில் இருப்பது. மாலை ஐந்து மணிக்குள் 17,400 ரூபாய் நஷ்டம் புக் ஆகிவிட்டது, செலவெல்லாம் சேர்த்து. 7:42க்கு 6,048ல் நான்கு லாட் ஷார்ட் போனீர்கள். 6,070ல் ஸ்டாப் லாஸ் இருந்தது. எட்டு மணிக்கு அமெரிக்க இன்வென்டரி டேட்டா. 8:01க்கு அந்த ஸ்டாப் லாஸை நீங்களே எடுத்துவிட்டீர்கள். அது அப்படியே இருந்திருந்தால் நாள் நஷ்டம் 26,200ஐ ஒட்டி நின்றிருக்கும், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

8:03க்கு விலை 6,079. மொத்தம் 29,800. லிமிட்டில் 70 சதவீதமான 28,000ஐத் தாண்டியதும் திரையில் எச்சரிக்கை வந்தது, ஓகே அழுத்தி மூடியிருக்கிறீர்கள். 8:06க்கு 6,094ல் இன்னும் இரண்டு லாட் ஷார்ட். ஆவரேஜ் பண்ணியாயிற்று. 8:08க்கு விலை 6,101 வந்தபோது சரியாக 40,000, அதாவது உங்கள் தினசரி லிமிட். கடைசியில் 8:19க்கு 6,122ல் நான் வெட்டியபோது 52,600. லிமிட்டுக்கு மேல் 12,600. அதில் 5,600 அந்த இரண்டு லாட்டால் வந்தது.

"புக் பண்ணாத வரைக்கும் அது நஷ்டமில்லையே" என்று போனில் கேட்டீர்கள். நம் டெஸ்க்கில் நஷ்டம் என்றால் புக் ஆனது, ஓடிக்கொண்டிருப்பது, செலவு மூன்றும் சேர்த்துத்தான். எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான் பார்க்கிறது. ஃப்யூச்சர்ஸில் பொசிஷனை வைத்திருந்தாலும் அன்றன்றைய எம்டிஎம் நஷ்டத்தைப் பணமாக எடுத்துவிடுவார்கள், விற்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். நம்ம ஊர் மாங்காய் லோடையே பாருங்கள். கூழ் ஃபேக்டரி வாசலில் லாரி வரிசையில் நிற்கும்போது டன்னுக்கு விலை இறங்கிவிட்டால், இன்னும் எடை போடவில்லை என்பதால் அந்த லோடு பழைய விலைக்குப் போகுமா?

லிமிட் என்பது உங்கள் கணிப்பு சரியா தப்பா என்று சொல்லும் தீர்ப்பு இல்லை. நேற்று விலை திரும்பியது, இன்னொரு நாள் திரும்பாது. 2020 ஏப்ரல் 20 தெரியும்தானே? எம்சிஎக்ஸில் க்ரூட் கடைசியாக 965ல் ட்ரேட் ஆனது, செட்டில் ஆனது மைனஸ் 2,884ல். லாங் வைத்திருந்தவர்களுக்கு ஒரு லாட்டுக்கே மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். அன்று மார்க்கெட் ஐந்து மணிக்கே மூடிவிட்டதால் வெளியே வரவும் வழியில்லை. நேற்று உங்களுக்கு வழி திறந்தே இருந்தது.

40,000 ஏன் என்றால், உங்களுக்கு ஒதுக்கிய எட்டு லட்சத்தில் ஐந்து சதவீதம். மாத லிமிட் 1,60,000, அதாவது நான்கு மோசமான நாள் தாங்கும். ஜூனில் நேற்றோடு 1,13,600 போயிற்று. மிச்சம் 46,400தான், மாதம் முடிய இன்னும் ஒன்பது ட்ரேடிங் நாள் இருக்கிறது.

என் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. லிமிட் தொட்டால் புது ஆர்டர் தானாக நின்றுவிடும், இருக்கிற பொசிஷனை மூட உங்களுக்கு இரண்டு நிமிடம், அப்புறம் நான் மூட வேண்டும். அதுதான் விதி. 8:10க்கு வெட்டாமல் உங்கள் போனுக்கு அடித்துக்கொண்டிருந்தேன், பிசி என்றே வந்தது. அந்த ஒன்பது நிமிடம் என்னுடையது. மேலே அனுப்பும் அறிக்கையிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். இனிமேல் போன் பண்ண மாட்டேன், இரண்டு நிமிடம் ஆனதும் மூடிவிடுவேன்.

இன்றும் நாளையும் உங்கள் ஐடி லாக். திங்கள் முதல் ஐந்து நாளுக்குத் தினசரி லிமிட் 20,000, க்ரூடில் அதிகபட்சம் இரண்டு லாட். புதன்கிழமை 7:45 முதல் 8:15 வரை புதுப் பொசிஷன் கிடையாது. ஸ்டாப் லாஸைத் தள்ளவோ எடுக்கவோ வேண்டுமானால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்.

நாளை பன்னிரண்டு மணிக்குள் பதில் எழுதுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். 8:01க்கு ஸ்டாப் லாஸை எடுத்தபோது என்ன நினைத்தீர்கள், 8:06க்கு ஏன் இரண்டு லாட் சேர்த்தீர்கள், இந்த இரண்டுக்கு மட்டும் உள்ளது உள்ளபடி பதில் போதும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ராயக்கோட்டை ரோடு ஆபீஸுக்கு வந்தால் லாகைச் சேர்ந்து பார்க்கலாம். பர்கூரிலிருந்து வர வேண்டும் என்பதால் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.

மஞ்சுளா
டெஸ்க் ரிஸ்க், கிருஷ்ணகிரி